இக்கிகய்: ‘வாழ்வின் நோக்கம்’ என்று எழுதினால் ஏன் இடிக்கிறது?

நெய்தல் | பிப்ரவரி 3, காலை 10.12

ஒரு ஜப்பானிய ஆவணப்படத்துக்குத் தமிழ்த் துணைவரி எழுதுகிறேன். மலைக்கிராமம். பேசுகிறவர்கள் எல்லாரும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். மூன்று இடத்தில் ‘இக்கிகய்’ வருகிறது. நாலாவது இடத்தில் அந்தச் சொல் வரவில்லை, ஆனால் ‘கய்’ என்று மட்டும் காதில் விழுகிறது. எனக்கு அனுப்பிய ஆங்கில வரிகளில் மூன்று இடத்துக்கும் ஒரே சொல்தான். அதைத் தமிழாக்கினால் இப்படி வருகிறது:

1. பேரன்தான் என் வாழ்வின் நோக்கம்.
2. ஓய்வு பெற்றதும் வாழ்வின் நோக்கத்தை இழந்தேன்.
3. வயலில் இறங்கினால் வாழ்வின் நோக்கத்தை உணர்கிறேன்.
4. நீண்ட காலம் வாழ்ந்தது மதிப்புடையதாக இருந்தது. (கொள்ளுப்பேத்தியின் கல்யாணத்தன்று ஒரு பாட்டி சொல்வது)

முதல் வரியைப் பாருங்கள். எந்தப் பாட்டி இப்படிப் பேசுவாள்? திரையில் மூன்று விநாடி, இரண்டு வரிக்குமேல் இடமில்லை, அடிக்குறிப்பும் கிடையாது. ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அந்த ஊரில் இதைக் கேட்பவர் காதில் என்ன விழுகிறது?

அரைப்பக்கம் | பிப்ரவரி 3, காலை 10.40

இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே. நான்கு வட்டம் வரைய வேண்டும். நீங்கள் விரும்புவது, உங்களுக்கு நன்றாக வருவது, உலகுக்குத் தேவையானது, காசு கிடைக்கக்கூடியது. நான்கும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் இக்கிகய். ஒகினாவாத் தீவுக்காரர்களின் பழைய ஞானம், அவர்கள் நூறு வயது வாழ்வதற்கு இதுதான் காரணம். ‘வாழ்வின் நோக்கம்’ சரியான மொழிபெயர்ப்புதான். தயங்காமல் போடுங்கள்.

கோபே வாசி | பிப்ரவரி 3, பிற்பகல் 1.25

அரைப்பக்கம், அந்த நாலு வட்டத்தைப் பாட்டியின் முதல் வரியில் வைத்துப் பாருங்கள். பேரனைப் பார்ப்பதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? பேரனைக் கொஞ்சுவதில் திறமை என்று என்ன இருக்கிறது? நாலில் மூன்று வட்டம் காலி. ஆனாலும் அந்த வாக்கியம் ஜப்பானிய மொழியில் துளிக்கூடப் பிசகில்லாத, அன்றாடம் காதில் விழுகிற வாக்கியம். ‘மகோ கா இக்கிகய் தெசு’. தெருவுக்கு ஒருவர் இப்படிச் சொல்வார்கள்.

நெய்தலுக்கு. முதலில் சொல்லைப் பிரித்துவிடுவோம். ‘இக்கி’ என்பது ‘இக்கிரு’ என்ற வினையின் துண்டு. உயிரோடு இருப்பது, வாழ்வது. ‘கய்’ தனிச்சொல். இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது அதன் முதலொலி மெலிந்து ‘ga’ ஆகிவிடும். தமிழில் ‘இக்கிகய்’ என்று எழுதுவது இதற்குத் தோதாக அமைந்துவிட்டது: இரட்டித்த க்க வல்லொலி, அடுத்து வரும் தனி க மெல்லொலி. ‘இகிகை’ என்று எழுதினால் முதல் க-வும் மெலிந்து கெட்டுப்போகும்.

மொத்தப் பாரமும் அந்த ‘கய்’ மேல்தான். ஒன்றைச் செய்ததற்குக் கைமேல் கிடைக்கும் பலன் அது. பட்ட பாடு வீண்போகவில்லை என்று பட்டவருக்கே தெரிவது. ‘மத்தா கய் கா அத்தா’ என்றால் காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. ‘கய் நகு’ என்றால் பட்டதெல்லாம் வீண். மருத்துவம் பார்த்தும் ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுதும்போது ஜப்பானியர் இந்தக் ‘கய் நகு’வைத்தான் போடுவார்கள். இதே வால் வேறு வினைகளிலும் ஒட்டும். ‘யரிகய்’ செய்ததற்குப் பலன், ‘ஹதராகிகய்’ உழைத்ததற்குப் பலன், ‘ஒஷியெகய்’ சொல்லிக்கொடுத்ததற்குப் பலன். நல்ல மாணவன் கிடைத்த ஆசிரியர் கடைசிச் சொல்லைச் சொல்வார்.

ஆக, இக்கிகய் என்பது உயிரோடு இருப்பதற்குக் கிடைக்கும் பலன். நோக்கம் முன்னால் தள்ளி நிற்கிறது, அதை நோக்கி நாம் போக வேண்டும். கய் நம்மிடம் திரும்பி வருகிறது. திசையே வேறு. உங்கள் 1, 2, 3 இடிப்பதற்குக் காரணம் இதுதான்.

சுடர் | பிப்ரவரி 3, மாலை 6.02

அப்படியானால் நம்மிடமே சொல் இருக்கிறதே. பிறவிப் பயன். ‘பேரனைக் கண்டு பிறவிப் பயன் அடைந்தேன்.’ கய் = பயன். கணக்கு முடிந்தது.

கோபே வாசி | பிப்ரவரி 3, இரவு 8.15

பயன் என்பது கய்க்கு மிக அருகில் வருகிறது, அதில் சந்தேகமில்லை. ‘பிறவி’தான் ஒட்டவில்லை. பிறவிப் பயனை ஒருவர் அடைவது ஒருமுறை. தரிசனம், முத்தி, பெரிய நிறைவு, அதோடு கதை முடிகிறது. இக்கிகய் முடியாது. செவ்வாய்க்கிழமை இருக்கும், புதன்கிழமையும் இருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தச் சொல்லோடு எந்த வினைகள் சேர்கின்றன என்று பாருங்கள். நோக்கம், குறிக்கோள் என்பதற்கு ஜப்பானிய மொழியில் ‘மொக்குதெகி’ என்று தனிச்சொல் உண்டு. மொக்குதெகியை நிறைவேற்றலாம், எட்டலாம். இக்கிகய்யை யாரும் ‘எட்டினேன்’, ‘நிறைவேற்றினேன்’ என்று சொல்வதில்லை. அது இருக்கும், இல்லாமல் போகும், கிடைக்கும், தொலையும், உணரப்படும். ஒன்றை இக்கிகய்யாக வைத்துக்கொண்டு வாழலாம், ‘மகோ ஓ இக்கிகய் நி ஷிதெ இரு’ என்று. நெய்தல், உங்கள் தமிழ்ச்சொல் இந்த ஐந்தாறு வினைகளையும் தாங்குகிறதா என்று உரசிப் பாருங்கள். தாங்காவிட்டால் அது அந்தச் சொல் இல்லை.

நெய்தல் | பிப்ரவரி 3, இரவு 9.50

பிடிப்பு.

‘வாழ்க்கைல ஒரு பிடிப்பே இல்ல.’ பிடிப்பு இருக்கும், போகும், கிடைக்கும், வரும். ‘பிடிப்பை எட்டினேன்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘ரிட்டயர் ஆனதும் வாழ்க்கைல இருந்த பிடிப்பே போயிடுச்சு.’ இரண்டாவது வரிக்கு அப்படியே உட்காருகிறது.

வெள்ளூர்க்காரன் | பிப்ரவரி 4, காலை 7.31

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. எனக்கு வயது 24. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம். போன வாரப் பயிற்சியில் நாலு வட்டத் தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். ‘விரும்புவது’ வட்டத்தில் கிரிக்கெட், ‘காசு கிடைப்பது’ வட்டத்தில் சோதனைப் பொறியாளர் வேலை. நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்கு இக்கிகய் இல்லை என்று அர்த்தமா? எந்த வட்டத்தை மாற்றினால் நடுவில் ஏதாவது வரும்? அண்ணன்மார் யாராவது வழி சொல்லுங்கள்.

தாழைமடல் | பிப்ரவரி 4, காலை 11.05

தம்பி, தாளைக் கீழே வையுங்கள். அந்தப் படம் ஜப்பானிலிருந்து வந்ததே இல்லை.

அதை வரைந்தவர் ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஸ்பெயின்காரர், சோதிடர். நாலு வட்டம் போட்டு, நடுவில் ஸ்பானிய மொழியில் ‘நோக்கம்’ என்றுதான் எழுதியிருந்தார். ஜப்பானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தன்னளவில் அது ஒழுங்கான படம்தான். 2014இல் மார்க் வின் என்ற பிரிட்டிஷ் வலைப்பதிவர், நீண்ட ஆயுள் பற்றி டான் பியூட்னர் 2009இல் பேசிய ஒரு மேடைப்பேச்சில் இக்கிகய் என்ற சொல்லைக் கேட்டிருந்தார். வட்டத்தின் நடுவிலிருந்த ‘நோக்கம்’ என்பதை எடுத்துவிட்டு அங்கே ‘இக்கிகய்’ என்று வைத்தார். மாற்றியது அந்த ஒரு சொல்லைத்தான். படம் உலகம் சுற்றியது.

‘நோக்கம்’ என்ற மொழிபெயர்ப்பு இத்தனை ஆழமாகப் பதிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நடுவட்டத்தில் முதலில் உட்கார்ந்திருந்ததே நோக்கம்தான். பெயர்ப்பலகை மாறியது, கடையில் சரக்கு மாறவில்லை.

வேலைத் திருப்தி பற்றி ஜப்பானியர் பேசும்போது வருவது ‘யரிகய்’, மேலே கோபே வாசி சொன்னது. உங்கள் கேள்வியும் யரிகய் பற்றியதுதான். அதிலும் எச்சரிக்கையாக இருங்கள். ‘யரிகய் சக்குஷு’ என்று ஒரு தொடர் அங்கே புழக்கத்தில் இருக்கிறது, சமூகவியலாளர் ஹோந்தா யுக்கி கொண்டுவந்தது. வேலையில் கிடைக்கும் மனநிறைவைக் காட்டியே குறைந்த கூலிக்கும் நீண்ட நேரத்துக்கும் ஆளை இழுத்துக்கொள்ளும் சுரண்டலுக்கு அந்தப் பெயர்.

கிரிக்கெட்டை விடாதீர்கள். ‘சனிக்கிழமை ஆட்டம்தான் என் இக்கிகய்’ என்று ஜப்பானில் சொன்னால் யாரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள்.

வெள்ளூர்க்காரன் | பிப்ரவரி 4, பிற்பகல் 12.10

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஆனாலும் வேலையை மாற்றலாமா வேண்டாமா என்பதற்கு விடை வரவில்லையே.

தாழைமடல் | பிப்ரவரி 4, பிற்பகல் 12.22

அதற்கு இந்தச் சொல்லில் விடை இல்லை தம்பி. வேலைவாய்ப்புப் பகுதியில் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.

அரைப்பக்கம் | பிப்ரவரி 4, பிற்பகல் 2.47

படத்தை விடுங்கள். ஒகினாவா உண்மைதானே? ஓகிமி கிராமத்து நூறு வயதுக்காரர்கள் உண்மைதானே? இக்கிகய் இருப்பவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று ஆய்வும் இருக்கிறது. அது அந்தத் தீவின் சொல் என்பதை எப்படி மறுப்பீர்கள்?

கோபே வாசி | பிப்ரவரி 4, இரவு 9.18

ஓகிமி உண்மை. அங்கே முதியவர்கள் அதிகம் என்பதும் உண்மை. சொல் மட்டும் தீவுச்சொல் இல்லை. வடக்கே ஹொக்கைடோவிலிருந்து தெற்கே கியூஷு வரை வழங்கும் பொது ஜப்பானியச் சொல் அது. ஒகினாவாவின் சொந்த மொழி வேறு. அதில் ‘இக்கிகா’ என்று ஒரு சொல் உண்டு, அதற்குப் பொருள் ஆண்பிள்ளை.

ஆய்வு விஷயத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், மொழிபெயர்ப்புக் கோளாறு அங்கேதான் அதிக சேதம் செய்திருக்கிறது. நீங்கள் சொல்வது ஓசாகி ஆய்வாக இருக்க வேண்டும், 2008இல் வெளியானது. நடந்த இடம் மியாகி மாகாணம். நாட்டின் வடகிழக்கு, பனி கொட்டும் ஊர், ஒகினாவாவுக்கு நேரெதிர்க் கோடி. 40 முதல் 79 வயது வரை 43,391 பேரை 7 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கேட்டது ஒரே கேள்வி: ‘உங்கள் வாழ்வில் இக்கிகய் இருக்கிறதா?’ விடையும் மூன்றுதான். இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை, இல்லை.

இக்கிகய் என்றால் என்ன என்று அந்தத் தாளில் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நாற்பது வயது விவசாயிக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும் அது புரிகிற சொல். பாட்டி பேரனை நினைத்து ‘இருக்கிறது’ என்று குறித்திருப்பார், விவசாயி நாற்றங்காலை நினைத்து. இதே கேள்வியை ‘உங்கள் வாழ்வுக்கு நோக்கம் இருக்கிறதா?’ என்று மாற்றிக் கேட்டால் இரண்டு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்கள். பாதிப் பேர் ‘அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை’ என்பார்கள். அளந்த பொருளே மாறிவிடும்.

முடிவு என்னவென்றால், ‘இல்லை’ என்றவர்களிடையே இறப்பு அபாயம் ‘இருக்கிறது’ என்றவர்களைப்போல் சுமார் 1.5 மடங்கு. இதயம், இரத்தக்குழாய் நோய்களிலும் விபத்து, தற்கொலை போன்ற புறக்காரணங்களிலும் வித்தியாசம் தெரிந்தது. புற்றுநோயில் தெரியவில்லை. ‘இல்லை’ என்றவர்களில் வேலையில்லாதவர்கள், மணமாகாதவர்கள், உடல்வலி உள்ளவர்கள், தங்கள் உடல்நலம் மோசம் என்று சொன்னவர்கள் அதிகம். ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கில் கழித்துத்தான் பார்த்தார்கள். இருந்தாலும் நோய் வந்ததால் இக்கிகய் போனதா, இக்கிகய் போனதால் நோய் வந்ததா என்பதை ஒரு கேள்வியால் முழுதாகப் பிரிக்க முடியாது. ‘நோக்கம் இருந்தால் நீண்ட ஆயுள்’ என்று வரும் தலைப்பு இரண்டு தடவை தாவியிருக்கிறது: சொல்லில் ஒரு தடவை, காரணத்தில் ஒரு தடவை.

சுடர் | பிப்ரவரி 5, காலை 6.44

கய் என்றால் சிப்பி, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹெய்யான் காலத்தில் சிப்பிகள் விலையுயர்ந்தவை, அதனால் மதிப்பு என்ற பொருள் வந்தது என்று பல இடத்தில் படித்தேன். அப்படியானால் ‘வாழ்வின் மதிப்பு’ என்பதுதான் வேர்ப்பொருள்?

கோபே வாசி | பிப்ரவரி 5, காலை 9.30

சிப்பிக்கும் ‘கய்’தான் பெயர், ஒலி ஒன்றுதான். ஆனால் வேர் என்று நம்பிவிடாதீர்கள். ஜப்பானின் மிகப் பழைய கதைநூல் ‘தக்கெதொரி மொனொகதாரி’, மூங்கில் வெட்டுகிற கிழவரின் கதை. அதில் இளவரசியை மணக்க வந்த ஒருவனுக்கு வைத்த சோதனை, தகைவிலான் குருவியின் கூட்டில் இருக்கும் சோழியை எடுத்து வருவது. அவன் கூட்டுக்குள் கைவிட்டு எதையோ பற்றிக்கொண்டு கீழே விழுகிறான். கையை விரித்துப் பார்த்தால் காய்ந்த எச்சம். ‘ஐயோ, கய் இல்லையே’ என்கிறான். நினைத்தது நடக்காமல் போவதைக் ‘கய் இல்லை’ என்று சொல்வது அன்றிலிருந்துதான் வந்தது என்று கதாசிரியர் சேர்க்கிறார். கொஞ்சம் தள்ளி, சாகக்கிடக்கும் அவன்மேல் இளவரசி சற்றே இரங்குகிறாள். சிறு மகிழ்ச்சியைக் ‘கய் இருக்கிறது’ என்று சொல்வது அதிலிருந்து வந்தது என்று மறுபடியும் ஒரு வரி.

அது சிலேடை. பலன் என்ற பொருளில் ‘கய்’ ஏற்கெனவே வழக்கில் இருந்தால்தான் கேட்பவர் சிரிக்க முடியும். எனவே சிப்பி விளக்கத்தை நான் ஒதுக்கிவிடுவேன். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கய்யின் அளவு எவ்வளவு சின்னது பாருங்கள். ஆளுக்கு உயிர் போகிறது. கிடைத்த கய், ஒருத்தி கொஞ்சம் இரங்கியது.

தாழைமடல் | பிப்ரவரி 5, மாலை 4.16

இவ்வளவு பேசிவிட்டு கமியா மியெக்கோவை விட்டுவிட்டால் பாதிதான் பேசியதாகும். மனநல மருத்துவர், 1914இல் பிறந்து 1979இல் மறைந்தவர். 1966இல் ‘இக்கிகய் நி த்ஸுயிதெ’, அதாவது ‘இக்கிகய் பற்றி’ என்று ஒரு நூல் எழுதினார். இந்தச் சொல்லைப் பற்றி ஜப்பானில் எழுதும் யாரும் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவர் பணிபுரிந்த இடம் நகஷிமா ஐசெயென், ஒகயாமா மாகாணக் கடலோரத் தீவொன்றில் இருந்த தொழுநோயாளர் விடுதி. நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சட்டப்படி அடைத்துவைத்த காலம். அந்தத் தனிமைப்படுத்தும் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. அங்கே கமியா கண்டது இது: பலர் எதிர்காலத்தில் எதையும் எதிர்பார்க்காமல் நாளைக் கடத்தினார்கள். அதே நோய், அதே தீவு, அதே கட்டடம், ஆனால் சிலர் நிறைவாக வாழ்ந்தார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவர் கேள்வி. நாலு வட்டப் படத்தை அந்தத் தீவுக்கு எடுத்துப் போங்கள். காசும் இல்லை, சந்தையும் இல்லை, ‘உலகின் தேவை’ என்று சொல்ல உலகமே அவர்களைத் தள்ளிவைத்திருந்தது.

கமியா முதலில் ஒரு கோடு போடுகிறார். ‘இந்தக் குழந்தைதான் என் இக்கிகய்’ என்று சொல்லும்போது அந்தச் சொல் ஒரு ஆளை, ஒரு பொருளைக் குறிக்கிறது. அதனால் மனதில் எழும் நிலை வேறு. அதற்கு ‘இக்கிகய்கன்’, இக்கிகய் உணர்வு என்று பெயர். அன்றாடப் பேச்சில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் கலந்துகிடக்கும். ஜப்பானிய மொழிக்கே உரிய தெளிவின்மை அது, அந்தத் தெளிவின்மையால்தான் சொல்லுக்கு விரிவும் எதிரொலியும் வருகின்றன என்று அவரே எழுதுகிறார்.

நெய்தல், உங்கள் 1ஆம் வரியில் இருப்பது ஆள். 3ஆம் வரியில் இருப்பது உணர்வு. ஒரே தமிழ்ச்சொல்லை இரண்டிலும் திணித்தால் ஒன்று கெடும்.

இன்னொன்று. அவர் மகிழ்ச்சியையும் இக்கிகய் உணர்வையும் ஒன்றாக்கவில்லை. இன்று துன்பத்தில் இருப்பவருக்கும், வரப்போகும் ஒன்றை எண்ணியிருப்பதால் இக்கிகய் இருக்கலாம் என்கிறார். மனிதருக்கு அதற்காக வேண்டியவை என்று ஏழு தேவைகளைச் சொல்கிறார். அவற்றில் ‘ஹன்க்யோ’ என்று ஒன்று, எதிரொலி. நான் இருப்பதற்கு எங்கிருந்தாவது ஒரு பதில் வருவது. பேரன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வது அந்தப் பதில்தான்.

சுடர் | பிப்ரவரி 5, மாலை 5.58

எதிர்காலத்தை எண்ணியிருப்பது என்றால் கடைசியில் நோக்கத்துக்கே வந்துவிட்டோமே?

தாழைமடல் | பிப்ரவரி 5, இரவு 7.40

நோக்கமும் இக்கிகய் ஆகலாம், அதை நான் மறுக்கவில்லை. ஒரு நூலை எழுதி முடிக்க வேண்டும் என்பது ஒருவருக்கு இக்கிகய்யாக இருக்கலாம். நோக்கம் இல்லாமலும் இக்கிகய் இருக்கும் என்பதுதான் ‘நோக்கம்’ என்ற மொழிபெயர்ப்பை உடைக்கிறது. மருமகள் வெள்ளிக்கிழமை தொலைபேசுவாள் என்று ஒருவர் காத்திருக்கிறார். அதில் எதிர்காலம் இருக்கிறது, குறிக்கோள் எங்கே இருக்கிறது?

மணற்கேணி | பிப்ரவரி 6, காலை 8.20

அரசு வழக்கிலும் ஒரு சான்று தருகிறேன். ஜப்பானில் ‘சில்வர் ஜின்சாய் சென்டர்’ என்று ஊர்தோறும் முதியோர் பணி மையங்கள் உண்டு. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேரலாம். புல் செதுக்குவது, மரம் கழிப்பது, காகிதக் கதவுக்குப் புதுத்தாள் ஒட்டுவது, சைக்கிள் நிறுத்துமிடம் பார்த்துக்கொள்வது மாதிரி வேலைகள். இந்த வேலைமுறைக்கு அவர்கள் வைத்த பெயரே ‘இக்கிகய் ஷூக்யோ’. மாதத்துக்குச் சுமார் 10 நாள், அல்லது வாரத்துக்கு 20 மணிக்குள் என்று வரம்பு. கொடுப்பது கூலி என்ற பெயரில்கூட இல்லை, பங்கீட்டுத் தொகை. பிழைப்புக்குப் போதாத அளவு என்று தெரிந்தேதான் வரையறுத்திருக்கிறார்கள். முதியோர் நலச் சட்டத்தின் 2ஆம் பிரிவும் முதியவர்களுக்கு ‘இக்கிகய் இருக்கக்கூடிய’ வாழ்வை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது.

இதில் ‘நோக்கம்’ என்று போட்டு மொழிபெயர்த்தால் என்னவாகும்? முதியவர்களுக்கு அரசு நோக்கம் வழங்கும் என்றாகும். சட்டம் சொல்வது அதுவல்ல. காலையில் எழுந்து உடுத்திக்கொண்டு போக ஒரு இடம், அங்கே தன்னை எதிர்பார்க்க நாலு பேர்.

என் ஐயம் ஒன்று. ‘பாச்சின்கோ கா இக்கிகய்’, ‘சாக்கே கா இக்கிகய்’ என்றும் ஜப்பானியர் சொல்கிறார்களே, சூதாட்டமும் குடியும். அதையும் கணக்கில் சேர்ப்பதா?

கோபே வாசி | பிப்ரவரி 6, காலை 10.55

சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டும் சொல்வார்கள், சிலர் மெய்யாகவும். மொழி அதைத் தடுக்கவில்லை. சொல்லுக்கு நல்லது கெட்டது என்ற வேலி கிடையாது.

தாழைமடல் | பிப்ரவரி 6, பிற்பகல் 1.30

இதில் நான் ஒத்துப்போகவில்லை. குடியை இக்கிகய் என்று சொல்பவர் பெரும்பாலும் ‘வேறொன்றும் மிச்சமில்லை’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். ஆளையோ பொருளையோ குறிக்கும் வகையில் வாக்கியம் சரிதான். உணர்வு அங்கே இருக்கிறதா என்பது தனிக்கேள்வி. கமியா போட்ட கோடு இதற்குத்தான் உதவுகிறது.

கோபே வாசி | பிப்ரவரி 6, பிற்பகல் 1.52

உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதைக் குடிப்பவரைவிட நீங்கள் அறிவீர்களா? வெளியிலிருந்து ஒருவர் அளந்து சொல்லும் சொல்லாக இக்கிகய் ஒருநாளும் இருந்ததில்லை. உடையவர் சொன்னால் உண்டு.

அரைப்பக்கம் | பிப்ரவரி 6, மாலை 6.05

நாலு வட்டம் ஜப்பானியம் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனாலும் அந்தப் படம் பலருக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவியிருக்கிறது. சொல் ஊர்மாறும்போது பொருளும் மாறுவது இயல்புதான். உலகம் முழுக்க ‘நோக்கம்’ என்ற பொருளில் அது பரவிவிட்ட பிறகு, அந்தப் பொருளும் அதற்கு உரியதுதான் என்பது என் கட்சி. தமிழ் வாசகர் பாதிப் பேருக்கு அந்தப் பொருள்தான் தெரியும்.

நெய்தல் | பிப்ரவரி 6, இரவு 10.31

உங்கள் கட்சி சுயமுன்னேற்றக் கட்டுரைக்குச் செல்லும். என் படத்தில் பேசுகிறவர் அந்த மலைக்கிராமத்துப் பாட்டி, உலகம் அந்தச் சொல்லை என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் வாயில் அவருடைய பொருள்தான் இருக்க வேண்டும்.

இதுவரை தேறியது:

1. பேரன் இருக்கான், அதுல ஒரு பிடிப்பு.
2. ரிட்டயர் ஆனதும் பிடிப்பே போயிடுச்சு.
3. வயல்ல இறங்கினா உயிரோட இருக்கிறதே நல்லாருக்கு.
4. இதப் பாக்கத்தான் இத்தன நாள் உயிரோட இருந்தேன் போல.

நாலாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே ‘நகாயிக்கி ஷித கய் கா அத்தா’ என்கிறார். நெடுநாள் வாழ்ந்ததற்குக் கய் இருந்தது. நம் பாட்டிகள் கல்யாண வீட்டில் சொல்வது அச்சாக இதுதான். சொல்லுக்குச் சொல் எங்கும் பொருந்தாது, வாக்கியம் முழுதாகப் பொருந்துகிறது. மற்ற மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கோபே வாசி | பிப்ரவரி 7, காலை 7.12

2 கச்சிதம். 4 மிக நன்று.

1இல் எனக்கு ஒரு குறை. பிடிப்பு என்பது நாம் பற்றிக்கொண்டிருப்பது, விட்டால் விழுவோம் என்ற அச்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கய் திரும்பி வருவது. பாட்டி எந்த முகத்தோடு சொல்கிறார் என்று பாருங்கள். மகனை இழந்து பேரனோடு மட்டும் இருப்பவர் என்றால் பிடிப்பு சரி. சிரித்துக்கொண்டு சொல்கிறார் என்றால், ‘பேரனப் பாத்தாப் போதும், வாழ்றதுல ஒரு ருசி வந்துடுது’ மாதிரி இளக வேண்டும்.

நெய்தல் | பிப்ரவரி 7, காலை 8.03

சிரிக்கிறார். பேரன் சட்டகத்துக்குள் ஓடிவந்து சோளக்கதிரைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். நீங்கள் சொன்னதில் ‘ருசி’ எனக்குப் பிடிக்கிறது, நீளம்தான் இடிக்கிறது. ‘பேரனாலதான் வாழ்றதுல ஒரு ருசி’ என்றால் ஒரே வரியில் நிற்கும்.

மணற்கேணி | பிப்ரவரி 7, காலை 9.47

3ஐப் பாருங்கள். ‘நல்லாருக்கு’ என்றால் மகிழ்ச்சி ஆகிவிடுகிறது. தாழைமடல் மேலே பிரித்துக் காட்டியது அதைத்தானே. வயலில் இறங்குபவருக்கு இடுப்பு வலிக்கும், அவருக்கு அப்போது நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூலத்தில் வினை என்ன?

நெய்தல் | பிப்ரவரி 7, காலை 10.20

‘இக்கிகய் ஓ கன்ஜிமசு’, உணர்கிறேன். அதற்கு முந்தின வாக்கியத்தில் முட்டி தேய்ந்துபோனதைப் பற்றித்தான் பேசுகிறார், நீங்கள் சொன்னது சரி.

தாழைமடல் | பிப்ரவரி 7, பிற்பகல் 12.36

அப்படியானால் ‘உயிரோட இருக்கிறது வீணில்லன்னு தோணுது’. ‘வீணில்லை’ என்பதில் கய் உட்கார்ந்திருக்கிறது, ‘தோணுது’ என்பதில் கன்ஜிரு. எழுத்து கூடினால் ‘வயல்ல இறங்கினா’ என்பதை முதல் வரியில் உடைத்துப் போடுங்கள்.

சுடர் | பிப்ரவரி 7, பிற்பகல் 3.15

‘வீணில்லை’ என்றால் மற்ற நேரமெல்லாம் வீண் என்று சொல்வதுபோல் ஒலிக்கிறதே. மூலத்தில் அந்த நிழல் இருக்கிறதா?

கோபே வாசி | பிப்ரவரி 7, மாலை 5.40

இல்லை. மூலத்தில் அவர் மற்ற நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் நான் ‘தோணுது’வை வைத்துக்கொண்டு முன்பாதியை மாற்றப் பார்க்கிறேன். ‘வயல்ல இறங்கினா, இருந்ததுக்குப் பலன் இருக்குன்னு தோணுது.’ இதில் ‘இருந்ததுக்கு’ இறந்தகாலம், அதுவும் உறுத்துகிறது. ‘இருக்கிறதுக்கு’ என்று போட்டால் நாக்கில் தடுக்குகிறது. நெய்தல், அந்த இடத்தில் அவர் பேசி முடித்தபிறகு எத்தனை விநாடி மௌனம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரு விநாடி கூடுதலாகக் கிடைத்தால் நீளமான வரியையே வைத்துக்கொள்ளலாம்.